வைவா நாள் தள்ளிப்போனால் மாணவிக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்த முதல் மாணவிக்கு நவம்பர் 12, புதன்கிழமை வைவா, அதாவது முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நேற்று ராத்திரி புறத்தேர்வாளர் சென்னையிலிருந்து போன் செய்தார். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு 11, 12, 13 மூன்று நாளும் தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறதாம், அசைய முடியாது என்கிறார். மாணவி மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லி, வேன் பேசி, சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டார். தேதி மாறிவிட்டது என்று அவருக்கு மெயில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது, என்னென்ன சொல்வது?

பதில்:

முதலில் போன், அப்புறம் மெயில். இன்று 5ஆம் தேதி, புதன். இன்று மதியத்துக்குள் சொன்னால் வேன்காரரும் சமையல்காரரும் முன்பணத்தில் பெரிதாகக் கை வைக்க மாட்டார்கள். 10ஆம் தேதி சொன்னால் காய்கறிக்குச் சொல்லியாயிற்று என்பார்கள். ஆசிரியை வகுப்பில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். பள்ளி மதிய இடைவேளை பார்த்துக் கூப்பிடுங்கள்.

மெயிலை ஒன்றாக எழுதாதீர்கள், இரண்டாக எழுதுங்கள். முதல் மெயில் இன்றைக்கே போக வேண்டும். அதில் பழைய நாள் இல்லை என்பது மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, புதிய நாள் எல்லார் வாயிலிருந்தும் எழுத்தில் வந்த பிறகு. புதிய தேதி முடிவாகட்டும், சேர்த்தே சொல்லிவிடலாம் என்று காத்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த நாலைந்து நாளில் செய்தி வேறு வழியாக மாணவியின் காதுக்குப் போய்விடும். கல்லூரி அலுவலகத்தில் யாராவது, உடன் ஆய்வு செய்யும் யாராவது, "உன் வைவா நின்னுபோச்சாமே, எக்ஸ்டர்னல் ஏதோ குறை சொல்லிட்டாராமே" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், ராத்திரித் தூக்கம் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மெயிலின் உயிர் தேதியில் இல்லை. "இது உங்கள் ஆய்வேட்டால் வந்த தள்ளிவைப்பு அல்ல" என்ற வாக்கியத்தில் இருக்கிறது. ஆறு வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டுக் கடைசிப் படியில் நிற்பவருக்கு எந்தத் தாமதமும் தன் குறையாகத்தான் தெரியும். நீங்கள் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைப்படி, புறத்தேர்வாளர்கள் இருவரும் ஆய்வேட்டை ஏற்கலாம் என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் வாய்மொழித் தேர்வே நடத்த முடியும். ஒருவர் நிராகரித்திருந்தால் மாற்றுத் தேர்வாளருக்கு ஆய்வேடு போயிருக்கும், அவர் ஏற்காமல் வைவாவுக்கு நாளே குறித்திருக்க மாட்டார்கள். ஆகவே நாள் குறித்தாயிற்று என்றாலே ஆய்வேடு தேறிவிட்டது என்று பொருள். பல மாணவர்களுக்கு இந்த வரிசை தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பதற்றத்தில் மறந்துபோகும். மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் இன்றே பார்த்துவிடுங்கள்: வர முடியாதவர் இல்லாமல் தேர்வை நடத்த முடியுமா, முடியாதா? அதே விதிமுறைப்படி வாய்மொழித் தேர்வுக் குழுவில் நெறியாளரும் புறத்தேர்வாளர் இருவரில் ஒருவராவதும் இருக்க வேண்டும். துறைத் தலைவர், ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர், முதல்வர் இவர்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் பார்வையாளர்கள்தான். ஒரு சில பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் தலைவர் என்று ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கும். அது உங்கள் ஆணையிலேயே தெரியும். எனக்குத் தெரிந்து ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் வெளியூர் போகிறார் என்பதற்காக வைவாவைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. அது வீண் வேலை. உங்கள் விஷயத்தில் வராதவர் புறத்தேர்வாளர், அவர் பெயர் ஆணையில் இருக்கிறது. அவர் இல்லாமல் நடக்காது.

இணையவழியில் நடத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். விதி அதற்கு இடம் கொடுக்கிறது, உண்மை. ஆனால் அவருக்குப் பயணம் பிரச்சினையில்லை, அந்த மூன்று நாள்தான் பிரச்சினை. நாக் குழு துறை துறையாக வரும்போது ஒரு பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார முடியாது. அவருக்குப் பதில் வேறொருவரை நீங்களாகக் கூப்பிடவும் முடியாது. தேர்வாளரை மாற்றுவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் வேலை, அது ஒரு மாதத்தையும் விழுங்கும். நாளை மாற்றுவதுதான் சரி.

முதல் மெயில் இப்படி இருக்கலாம். மாணவியின் பெயரைக் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம்.

> பொருள்: 12.11.2025 அன்று வைவா இல்லை. புதிய நாள் திங்கள் மாலைக்குள்
>
> அன்புள்ள கயல்விழி,
>
> மதியம் போனில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்கிறேன். 12.11.2025, புதன்கிழமை நடக்க இருந்த உங்கள் வாய்மொழித் தேர்வு அன்று நடைபெறாது. புறத்தேர்வாளருக்கு அதே நாளில் அவருடைய பல்கலைக்கழகத்தில் தவிர்க்க முடியாத அலுவல் வந்துவிட்டதே காரணம்.
>
> உங்கள் ஆய்வேட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தேர்வாளர்களின் ஏற்பு அறிக்கைகள் வந்த பிறகுதான் நாளே குறித்தோம். அதில் எந்த மாற்றமும் இல்லை.
>
> வண்டி, சாப்பாடு, விடுப்பு எல்லாவற்றையும் 12ஆம் தேதிக்கு ரத்து செய்துவிடுங்கள். புதிய நாளுக்கு இப்போதே எதையும் பேச வேண்டாம். நவம்பர் 19 முதல் டிசம்பர் 5 வரை உங்களால் வரவே முடியாத நாள்கள் எவை என்று நாளை மாலைக்குள் எழுதுங்கள். இதற்கிடையில் ஏதாவது வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.
>
> 10.11.2025, திங்கள் மாலைக்குள் புதிய நாளை எழுதுகிறேன். முடிவாகாவிட்டால் ஆகவில்லை என்றாவது எழுதுவேன்.
>
> அன்புடன்
> (பெயர்), நெறியாளர்

இதில் புதிய தேதியைக் கோடி காட்டக்கூட இல்லை, கவனித்தீர்களா? "அநேகமாக 26" என்று எழுதினால் "அநேகமாக" என்பது படிப்பவர் கண்ணிலேயே படாது, 26 மட்டும்தான் படும். சாயங்காலத்துக்குள் வேன்காரருக்கு 26 என்று போன் போய்விடும். அது 27 ஆனால் நீங்கள் இரண்டாம் முறை தேதி மாற்றியவர் ஆகிவிடுவீர்கள்.

விண்ணப்பக் கடைசி நாளைக் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்குத் தகுதி பெற்ற நாளாக வைவா முடிந்த நாளைத்தான் கொள்கிறார்கள். தற்காலிகச் சான்றிதழும் அதன் பிறகுதான் வரும். பழைய நாளுக்கும் புதிய நாளுக்கும் நடுவில் ஒரு உதவிப் பேராசிரியர் பணி விண்ணப்பத்தின் கடைசி நாள் விழுந்தால், இரண்டு வாரம் தள்ளிப்போனதில் அவருக்கு ஒரு வருடமே போகலாம். அப்படி ஒன்று இருந்தால் நாளை முன்னால் கொண்டுவர நீங்கள் முட்டிமோதத்தான் வேண்டும். இல்லையென்றால் நிதானமாகப் பார்க்கலாம்.

இனி புதிய நாள். இது இரண்டு பேர் போனில் பேசி முடிக்கிற விஷயம் போலத் தோன்றும். அப்படி முடித்துத்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன வைவா அது. திங்கட்கிழமை காலையில் புறத்தேர்வாளரைப் பிடித்தேன். "அடுத்த வியாழன் வந்துடறேன், கவலைப்படாதீங்க" என்றார். எனக்கு அடுத்த வியாழன் என்றால் மூன்று நாள் கழித்து வருவது. அவருக்கு அது "வர்ற வியாழன்". "அடுத்த வியாழன்" என்றால் பத்து நாள் கழித்து. இரண்டு பேரும் தமிழ்ப் பேராசிரியர்கள், வெட்கக்கேடு! நான் மாணவருக்குத் தேதி போட்டு எழுதிவிட்டேன். வியாழன் காலையில் அரங்கத்தில் நாற்பது பேர், பின்னால் மேசையில் புளியோதரைத் தூக்கு, மாணவரின் அப்பா வெள்ளை வேட்டியில் வாசலிலேயே நிற்கிறார். பதினொன்றேகாலுக்கு நான் போன் செய்தால் தேர்வாளர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அன்று அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பரவால்லங்க சார், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. போனில் என்ன பேசினாலும், "26.11.2025, புதன்கிழமை, காலை 11 மணி, எங்கள் கல்லூரி அரங்கம். சரிதானா?" என்று தேர்வாளருக்கு மெயிலில் எழுதி, "சரி" என்று எழுத்தில் வாங்கிவிடுவேன். தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தவறாக அடித்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். தேதி மட்டும் இருந்தால் 26 என்பது 29 ஆனாலும் ஒருவருக்கும் தெரியாது.

உங்கள் வைவாவுக்கு ஏன் 26 என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக் குழு 13ஆம் தேதி போகும். ஆகவே அடுத்த புதன், 19ஆம் தேதி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இது பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் வந்து கேட்கும்படி சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். நாள் மாறினால் சுற்றறிக்கையும் புதிதாகப் போக வேண்டும், பழையதன் முன்னறிவிப்பு இதற்குச் செல்லாது. உங்கள் பல்கலைக்கழக விதியில் 15 நாள் முன்னறிவிப்பு என்றிருந்தால், 10ஆம் தேதி அனுப்பும் சுற்றறிக்கைக்கு 25ஆம் தேதியோடு கணக்கு சரியாகிறது. 19 என்றால் ஒன்பதே நாள். பின்னால் யாராவது ஒரு மனு போட்டால் அந்த ஒன்பது நாள்தான் முதலில் கண்ணில் படும்.

பொங்கல் கழியட்டும் என்று ஜனவரிக்குத் தள்ளுவதும் சரியில்லை. ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மதிப்பீட்டு வேலை முழுவதையும் முடிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அதே 2022 விதிமுறை சொல்கிறது. மாணவி ஜூனில் கொடுத்திருந்தால் டிசம்பரில் அது முடிகிறது. போதாக்குறைக்கு அவர் ஆசிரியை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், தலைமையாசிரியர் ஒரு நாள் விடுவதற்கே முகம் சுளிப்பார்.

தேர்வாளர் சென்னையிலிருந்து வருகிறவர் என்றால் ரயிலையும் கேட்டுவிடுங்கள். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிவதற்குள் கும்பகோணம். குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்கு அரங்கத்துக்கு வர நேரம் இருக்கிறது. அதற்கு 25ஆம் தேதி ராத்திரிக்கும் 26ஆம் தேதி ராத்திரிக்கும் டிக்கெட் வேண்டும். நாளுக்குச் சரி சொல்லிவிட்டு டிக்கெட் கிடைக்காமல் திரும்பக் கூப்பிடும் தேர்வாளர்கள் உண்டு. அப்படியே தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளா என்றும் ஒரு பார்வை பாருங்கள். முகூர்த்த நாளில் மன்னார்குடியில் வேன் கிடைப்பது லேசில்லை.

நாள் பேசியதும் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். இதை ஒரு தகவலாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். வைவா நல்லபடியாக முடிந்து மூன்று மாதம் கழித்துத் தேர்வாளரின் பயணப்படிப் பில் திரும்பி வரும்: ஒப்புதல் 12ஆம் தேதிக்கு, பில் 26ஆம் தேதிக்கு, விளக்கம் தருக என்று. அந்த நேரத்தில் பழைய மெயிலைத் தேடி ஓட வேண்டாம். தேர்வாளர் வர இயலாது என்று எழுதியது, புதிய நாளுக்குச் சரி என்று எழுதியது இரண்டையும் இணைத்து இப்போதே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பித் திருத்திய ஒப்புதல் வாங்கிவிடுங்கள். போனில் சொன்ன தேர்வாளரிடம், "ஐயா, இரண்டு வரி மெயிலில் போட்டுவிடுங்கள், அலுவலகம் கேட்கும்" என்றால் போட்டுவிடுவார். அவரும் பில் திரும்பி வந்த அனுபவம் உள்ளவராகத்தான் இருப்பார்.

இவ்வளவும் கைக்கு வந்தபிறகு இரண்டாவது மெயில்:

> பொருள்: வைவா புதிய நாள் உறுதி: 26.11.2025, புதன், காலை 11.00
>
> அன்புள்ள கயல்விழி,
>
> உங்கள் பொது வாய்மொழித் தேர்வு 26.11.2025, புதன்கிழமை, காலை 11.00 மணிக்கு நம் கல்லூரி அரங்கில் நடைபெறும். புறத்தேர்வாளர் எழுத்தில் இசைவு தந்துவிட்டார், பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வந்துவிட்டது. தேர்வாளர் மாறவில்லை, நாள் மட்டுமே மாறியிருக்கிறது.
>
> திருத்திய சுற்றறிக்கையை இணைத்திருக்கிறேன். பள்ளியில் விடுப்புக்கு இதைக் காட்டலாம். 12ஆம் தேதியிட்ட அழைப்பை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் நான் அனுப்பிவிட்டேன்.
>
> 24ஆம் தேதி, திங்கள் மாலை 4.30க்குத் துறைக்கு வர முடிந்தால் உங்கள் உரையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். தேர்வாளர்களின் அறிக்கையில் இருந்த கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் கொண்டுவாருங்கள்.
>
> மழைக்காலம் என்பதால் ஒன்று. 26ஆம் தேதி தஞ்சாவூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்தால் என்ன செய்வது என்பதை 25ஆம் தேதி மாலை 6 மணிக்குப் போனில் பேசி முடிவு செய்வோம். என்னிடமிருந்து போன் வராமல் தேர்வு இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.
>
> இந்த மெயில் கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.
>
> அன்புடன்
> (பெயர்), நெறியாளர்

நேரில் நாம் எல்லோரும் "வாம்மா, என்னம்மா ஆச்சு" என்றுதான் பேசுகிறோம், நம் ஊர் வழக்கம் அது. மெயிலில் "நீங்கள்" வேண்டும். இதை அவர் அச்செடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைக்கப்போகிறார். அதில் "நீ வந்துவிடு" என்றிருந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். இன்னொரு பக்கம், "தவிர்க்கவியலாத நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மேற்படி தேர்வு ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் யார் வரவில்லை, எதனால், ஆய்வேட்டில் கோளாறா என்று எதுவுமே தெரியாது. சுற்றறிக்கைக்கு அந்த நடை சரி, மாணவிக்கு வேண்டாம்.

காரணத்தை எவ்வளவு சொல்வது என்று ஒரு கேள்வி உண்டு. "அவருடைய பல்கலைக்கழகத்தில் அலுவல்" என்பது போதும். நாக் குழு என்றுகூடத் தேவையில்லை. தேர்வாளர் உடம்பு சரியில்லை என்றோ வீட்டில் துக்கம் என்றோ சொல்லியிருந்தால் அதை எழுதவே கூடாது, "எதிர்பாராத காரணத்தால் வர இயலவில்லை" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை மீறுவது பெரும்பாலும் எழுதி அல்ல, ஃபார்வர்டு பண்ணி. தேர்வாளரின் மெயிலை அப்படியே மாணவிக்குத் தட்டிவிடுகிறோம். அதன் அடியில் பழைய மெயில்கள் தொங்கிக்கொண்டிருக்கும். தேர்வுப் பிரிவோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இன்னொரு தேர்வாளரின் பெயர், சில சமயம் மதிப்பூதியத் தொகை வரை. அந்த இன்னொரு தேர்வாளர் வைவாவுக்கு வரப்போவதில்லை, அவர் பெயர் மாணவிக்குத் தெரிய வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. புதிதாக ஒரு மெயிலைத் திறந்து எழுதுங்கள்.

புதிதாகத் திறப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய அழைப்பு மெயிலுக்கே பதில் போட்டால் பொருள் வரியில் `Re:` என்று போட்டு 12.11.2025 அப்படியே நிற்கும். போனில் எட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் அந்தத் தேதிதான் விழும். இணைப்பின் பெயரும் அப்படித்தான். `viva_final.pdf` என்று இரண்டு கோப்பு அவர் போனில் இருந்தால் எது எது என்று யார் கண்டார்? `viva_26-11-2025.pdf` என்று பெயர் வையுங்கள்.

நம் தமிழ்த் துறைக்கே உரிய இன்னொரு தலைவலி, எழுத்துரு. துறைக் கணினியில் பாமினியில் அடித்த கடிதத்தை வெட்டி மெயிலில் ஒட்டினால் "அன்புள்ள" என்பது மாணவியின் போனில் `md;Gs;s` என்று போய் நிற்கும். சிரிக்காதீர்கள், ஒரு மாணவர் அதை வைரஸ் என்று நினைத்து அழித்தே விட்டார். மெயிலை யூனிகோடில் அடியுங்கள். சுற்றறிக்கை பாமினியில்தான் இருக்கிறது என்றால் பி.டி.எஃப். ஆக்கி இணையுங்கள், அதில் எழுத்துரு உடையாது. அனுப்பும் முன் உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மெயிலின் நகல் துறைத் தலைவருக்குப் போகட்டும். தேர்வாளரை நகலில் போடாதீர்கள். மாணவிக்கும் அவருக்கும் நடுவில் தேர்வு முடியும்வரை நேரடி மெயில் போக்குவரத்து இல்லாமல் இருப்பதே நல்லது. அவருக்கு அழைப்பும் சுற்றறிக்கையும் தனியாக, உங்களிடமிருந்தே போக வேண்டும். துறை வாசலில் ஒட்டிய பழைய சுற்றறிக்கையை நீங்களே கிழித்தெடுத்துவிடுங்கள். புதியதைப் பக்கத்தில் ஒட்டுவார்கள், பழையதை எடுக்க மாட்டார்கள்.

மழை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் விடுமுறை என்பது முதல் நாள் ராத்திரியோ அன்று விடியற்காலையோதான் தெரியும். அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. உங்கள் கல்லூரி தஞ்சாவூர் மாவட்டம், மாணவியின் ஊர் திருவாரூர் மாவட்டம். திருவாரூரில் பள்ளி, கல்லூரி இரண்டுக்கும் விட்டிருப்பார்கள், தஞ்சாவூரில் பள்ளிகளுக்கு மட்டும் விட்டிருப்பார்கள். மாணவி டி.வி.யில் கீழே ஓடும் வரியைப் பார்த்துவிட்டு வைவா இல்லை என்று உட்கார்ந்துவிடலாம், தேர்வாளரோ ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோவில் வந்துகொண்டிருப்பார். அதனால்தான் மெயிலில் எந்த மாவட்டம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன்.

25ஆம் தேதி மாலை 6 மணி என்று வைத்ததும் காரணத்தோடுதான். அப்போது தேர்வாளர் இன்னும் ரயில் ஏறியிருக்க மாட்டார். வானிலை மோசமாக இருந்தால் அவரை அங்கேயே நிறுத்தி, அதே 26ஆம் தேதி இணையவழியில் நடத்த முடியுமா என்று தேர்வுப் பிரிவிடம் கேட்கலாம். அதை அன்று மாலை முதல்முறையாகக் கேட்டால் அலுவலகம் பூட்டியிருக்கும். இப்போது திருத்திய ஒப்புதலுக்கு எழுதும் கடிதத்திலேயே, "மழை காரணமாகத் தேர்வாளர் பயணம் செய்ய இயலாவிட்டால் அதே நாளில் இணையவழியில் நடத்த அனுமதி வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அனுமதி கையில் இருந்தால் மூன்றாவதாக ஒரு மெயில் எழுத வேண்டியிருக்காது. அதற்கும் மாணவி மன்னார்குடியிலிருந்து வந்து சேர வேண்டுமே என்றால், அவரை 25ஆம் தேதி ராத்திரியே கும்பகோணத்தில் உறவினர் வீட்டில் யாரிடமாவது தங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேன் காலையில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வரட்டும்.